22 அடி என்று எழுதினேன்

கிள்ளானில் அப்பாவின் உதிரிபாகக் கிடங்கை வாடகைக்கு விட முடிவானதும் விளம்பரம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. ‘5,000 சதுர அடி, 22 அடி உயரம், லோரி வசதி, உறுதியான தரை’ என்று போட்டேன். இணையத்தில் மற்றவர்களும் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

முதலில் வந்தவர் மாவு மூட்டை இறக்குமதி செய்யும் ஓர் இளைஞர். வந்ததும் கையிலிருந்த லேசர் கருவியால் அளந்தார். “அக்கா, 22 அடி கூரையின் உச்சிக்குத்தான். இரும்பு உத்தரத்துக்கு 18. அதிலே தொங்குற விளக்குக்குப் பதினாறரை. எனக்கு அந்தப் பதினாறரைதான் கணக்கு” என்றார். 22 அடி என்றால் தரையில் ஒரு வரிசை, அதற்கு மேல் மூன்று தட்டு வைக்கலாமாம். பதினாறரையில் இரண்டு தட்டுதான்.

வாசலில் 40 அடி கொள்கலன் டிரெய்லர் திரும்ப இடமில்லை. அவருடையது 3 டன் லோரி என்பதால் அது சிக்கலாகவில்லை. மின்சாரம் மூன்று ஃபேஸ், 60 ஆம்பியர். ஃபோர்க்லிஃப்ட் சார்ஜருக்குப் போதும் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கத் தொடங்கினார்.

“தட்டுக்கு இரண்டு பலகை மூட்டை, பலகைக்கு ஒரு டன். இரண்டு தட்டுக்கு 4 டன். நடுவில் இருக்கிற சட்டம் இரண்டு பக்கமும் பாதிப் பாதி தாங்கும். ஆக 4 டன் இரண்டு கால்களில் இறங்குது. உள்ளங்கை அளவு தகட்டில் 2 டன்!”

பின்பகுதியில் ஒரு பழைய அலமாரி நின்றது. அதன் பின்னே தரையில் விரிசல் இருப்பது எனக்குத் தெரியும். அப்பா பிறகு நீட்டிக் கட்டிய பகுதி அது. கீழே மென்மையான களிமண். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. அந்த வாடகைதான் இனி அப்பாவின் மருந்துச் செலவுக்கு. நான் வாயைத் திறக்கவில்லை.

“தம்பி, அந்த அலமாரியை நகர்த்துங்க” என்றார் அப்பா.

இளைஞர் குனிந்து பார்த்தார். விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. வெறும் கீறல் என்றால் இரு பக்கமும் சமமாக இருக்கும், இது அடிமண் இறங்கிய அடையாளம் என்றார். இருவரும் சாக்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டார்கள். முன்பகுதி வரைபடத்தை ஒரு பொறியாளர் பார்த்துச் சரி என்ற பிறகே அங்கே அடுக்குச் சட்டம். கோட்டுக்குப் பின்னே காலிப் பெட்டிகள் மட்டும், ஃபோர்க்லிஃப்ட் போகக் கூடாது. ஒப்பந்தத்திலும் அதை எழுதினோம். கேட்ட வாடகையில் 400 ரிங்கிட் குறைந்தது.

வீடு திரும்பும் வழியில் காரில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “சட்டம் சாஞ்சா கீழே நிக்கிறது அந்தப் பையனோட ஆளுங்கம்மா.”

அன்றிரவே விளம்பரத்தை எடுத்துவிட்டேன்.