உள்பக்கம் பார்த்துத் தையுங்கள்

மல்லாங்கிணற்றுப் பக்கம் தீபாவளிக்கு முன்னால் பெண்களுக்கு ஓய்வு கிடைப்பது அரிது. அப்படியிருந்தும் பேத்திக்குக் கவுனில் நாலு பூவாவது போட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். லேசி டெய்சியும் ஃப்ளை ஸ்டிட்ச்சும் தெரிந்தால் சில மாலைகளில் ஒரு பார்டர் முடிந்துவிடும். ஆனால் வேகம் என்று இதழை நீட்டி, நூலைப் பின்பக்கம் தாவவிட்டால், அந்த நீளங்களில் பிள்ளையின் விரல்தான் மாட்டும்.

இரண்டு வயதுப் பிள்ளையின் கவுன் பாவாடை, தையலுக்கு விட்டதுபோக 48 அங்குலச் சுற்று என்று வைத்துக்கொள்வோம். துணியை முதலில் நனைத்துக் காயப்போட்டு, சுருக்கம் வைப்பதற்கும் பக்கம் மூட்டுவதற்கும் முன்பே பூ வேலையை முடித்துவிட வேண்டும். துணியை நான்கு முறை இரண்டாக மடித்தால் 16 சம பாகம் கிடைக்கும். பாகத்துக்கு 3 அங்குலம், அதன் நடுவில் ஒரு பூ. ஆறு இழை நூலில் இரண்டு இழை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொடி. பச்சை நூலால் ஃப்ளை ஸ்டிட்ச்சைப் படுக்கைவாக்கில் போடுங்கள். ஊசியை மேலே எடுத்து, நேர் கீழே குத்தி, இரண்டுக்கும் நடுவே சற்றுத் தள்ளி நூலுக்கு மேலாக எடுங்கள். அந்த முனையை நீளமாகக் குத்தினால் அதுவே தண்டு. அடுத்த தையல் தண்டின் நுனியில் தொடங்கும். பூவுக்கும் பூவுக்கும் இடையில் ஆறு போதும்.

பிறகு பூ. ஊசி வந்த துளையிலேயே திரும்பக் குத்தி, கால் அங்குலம் தள்ளி நூலுக்கு மேலாக எடுத்து, வளையத்தின் நுனியில் ஒரு சிறு தையல் போட்டால் ஓர் இதழ். பூவுக்கு ஐந்து இதழ். நூலை இதழின் நுனிப் பக்கமாக இழுங்கள். இறுக்கினால் இதழ் கோடாகிவிடும், துணியும் சுருங்கும். தளர விட்டால் வளையம் தூக்கி நிற்கும்.

ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குப் போகும்போது, பின்பக்கத்தில் கொடித் தையல்களுக்கு அடியில் ஊசியை நுழைத்துக்கொண்டு போங்கள். நூல் எங்கும் தொங்காது. கொடியை முதலில் போடச் சொன்னது இதற்காகத்தான். முடிச்சும் வேண்டாம், நூல் நுனியை மூன்று நான்கு தையல்களுக்கு அடியில் செருகி வெட்டினால் பிள்ளையின் தோலில் உறுத்தாது.

துணி பருத்தி என்றால் நூலும் பருத்தியாகவே இருக்கட்டும். பட்டாசு ஆலைக்குள் பருத்தி உடுத்தச் சொல்வதன் காரணம் நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும்: செயற்கை இழை உரசினால் மின்பொறி எழும். தீப்பட்டால் அது உருகித் தோலில் ஒட்டவும் செய்யும். பருத்தியும் எரியும்தான், அதனால் விரிந்த கவுனோடு பிள்ளையை மத்தாப்புக்கு அருகில் விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் கவுனைப் புரட்டி, பின்பக்கத்தை உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். சுண்டுவிரலால் நெடுக வருடுங்கள். எங்காவது உறுத்தினாலோ விரல் மாட்டினாலோ, அந்த ஒரு பூவைப் பிரித்துவிட்டு மறுபடி போடுங்கள். அதன்பிறகே பிள்ளைக்கு உடுத்துங்கள்.