126 நோட்டுகள், 5 மணி நேரம்: திருநகர் தமிழம்மா கண்டுபிடித்த கணக்கு!

மதுரை திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும் டீச்சர்களை ஒரு விஷயத்தை வைத்தே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். தோளில் ஹேண்ட்பேக் இருக்கும். கையில் துணிக்கடைக் கட்டைப்பை இருக்கும். பைக்குள் புடவை இருக்காது, நோட்டுகள் இருக்கும்.

அவர்களில் ஒருவர் இந்தத் தமிழம்மா. பெயர் வேண்டாம் என்றார். பிள்ளைகளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'தமிழம்மா'தான். ஒன்பதாம் வகுப்பில் மூன்று பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கிறார். பிரிவுக்கு 42 பேர், மொத்தம் 126 பேர். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுத வைப்பார்.

கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று சொல்கிறது. ஆனால், அந்தக் கணக்கு நோட்டுகளுக்குப் பொருந்தாது. உயர்நிலை வகுப்பில் ஒரே பாடத்தைப் பல பிரிவுகளுக்கு எடுக்கிறவரின் மேஜைக்கு அத்தனை பிரிவு நோட்டுகளும் வந்து சேரும். ஒரு கட்டுரையைப் பிழை விடாமல் திருத்த 4 நிமிடம் என்று வைத்தாலும், 126 நோட்டுக்கு எட்டரை மணி நேரம் ஆகிறது. சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமை பகலும் அதிலேயே போய்விடும்.

"நேரம் போனதுகூட எனக்குப் பெரிசா தெரியல. திருத்திக் கொடுத்த நோட்டை வாங்கின பிள்ளை மார்க்கை மட்டும் பாத்துட்டு பைக்குள்ள போட்டுச்சு பாருங்க, அதுதான் வலிச்சது. அடுத்த கட்டுரையில அதே பிழை. இன்னொரு பொண்ணு சிவப்பு மைக்குப் பயந்து கட்டுரையையே சுருக்கிக்கிட்டே வந்துச்சு. ரெண்டு பக்கம் எழுதின பிள்ளை, அரைப் பக்கத்துக்கு வந்துருச்சு" என்கிறார்.

திருத்துவது வேறு, கற்பது வேறு

தமிழம்மா பார்த்ததை ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த ரூத் பட்லர் 1988-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சில மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. முன்னேறியவர்கள் கருத்து மட்டும் பெற்றவர்கள்தான். மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தபோது கருத்தின் பலன் காணாமல் போனது.

இங்கிலாந்தில் 2016-ல் இதுபற்றி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். திருத்திய நோட்டைப் பார்த்துச் சரிசெய்ய வகுப்பிலேயே நேரம் ஒதுக்காவிட்டால், திருத்தியதால் பெரிய பலன் இருக்க வாய்ப்பில்லை என்பது அதில் வந்த முக்கியமான கருத்து. இன்னொன்றும் சொன்னார்கள். தெரிந்தும் கவனக்குறைவால் செய்த பிழைக்கு விடையை எழுதித்தர வேண்டாம், பிழை என்று காட்டினால் போதும். புரியாமல் செய்த பிழைக்குத்தான் ஆசிரியரின் உதவி வேண்டும்.

இந்த இரண்டு பிழைகளையும் பிரித்துப் பார்ப்பதுதான் தமிழம்மாவின் முறைக்கு அடிப்படை.

முதல் வாசிப்பில் பேனா இல்லை

'நான் கண்ட சித்திரைத் திருவிழா' என்ற கட்டுரையை வைத்துப் பார்க்கலாம். ஒரு பிரிவின் 42 நோட்டுகளும் வந்ததும் தமிழம்மா சிவப்புப் பேனாவை எடுப்பதில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நோட்டையும் முக்கால் நிமிடத்தில் வாசிக்கிறார். திரும்பத் திரும்ப வரும் பிழைகளைத் தாளில் குறித்து, பக்கத்தில் கோடு போட்டு எண்ணுகிறார்.

அந்தக் கட்டுரையில் மூன்று பிழைகள் மேலே வந்தன. முதலாவது, 'அழகரை பார்த்தோம்', 'கடைக்கு போனோம்' என்று ஒற்றை விட்டுவிடுவது. இரண்டாவது, 'கடைகள் இருந்தது' என்று பன்மையை ஒருமையில் முடிப்பது. மூன்றாவது, 'ராட்டினத்துல ஏறினோம்' என்று பேசுகிறபடியே எழுதுவது. நோட்டின் அடியில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக 1, 2, 3 என்று ஓர் எண்ணை மட்டும் எழுதுகிறார். அந்தப் பிள்ளை முதலில் சரிசெய்ய வேண்டியது எது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

பேனா இல்லாமல் வாசிப்பதில் அவர் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. ஒரு பையன் திருவிழாவில் அப்பாவுக்குப் பதிலாகத் தானே நுங்குக் கடையில் நின்றதாக எழுதியிருந்தான். மறுநாள் கூப்பிட்டு விசாரித்தார். அப்பா ஒரு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார் என்று தெரிந்தது. "ஒற்றுப்பிழை தேடுற கண்ணுக்கு இது தெரியாதும்மா. கதையை வாசிக்கிற கண்ணுக்குத்தான் தெரியும்" என்கிறார்.

ஓரத்தில் ஒரு குறி

அடுத்த வேலை குறி போடுவது. முழுக் கட்டுரைக்கும் போடுவதில்லை, ஒரே ஒரு பத்திக்கு மட்டும். பிழை உள்ள வரிக்கு நேராக, பக்க ஓரத்தில் ஓர் எழுத்தை எழுதுகிறார். 'ஒ' என்றால் ஒற்றுப்பிழை. 'எ' என்றால் எழுத்துப்பிழை. ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் இதில் வரும். 'ம' என்றால் ஒருமை பன்மை மயக்கம். 'பே' என்றால் பேச்சு வழக்கு. 'நி' என்றால் நிறுத்தற்குறி.

பிழையான சொல்லுக்கு அடியில் கோடு போடுவதில்லை. எந்த வரி என்று மட்டும் சொல்கிறார், எந்தச் சொல் என்பதைப் பிள்ளைதான் தேட வேண்டும். தேடிக் கண்டுபிடித்தால் அது கவனக்குறைவால் வந்த பிழை. பத்து நிமிடம் தேடியும் கிடைக்கவில்லை என்றால் அந்த இலக்கணமே புரியவில்லை என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் 12 குறிகள் வைத்திருந்தார். பிள்ளைகள் கட்டுரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குறிப் பட்டியலையே புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாகக் குறைத்த பிறகுதான் வேலை நடந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கவே சிரமப்படும் பிள்ளைகளுக்குக் குறி உதவாது. அப்படி வகுப்புக்கு நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் நோட்டில் மட்டும் ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து, சரியான வடிவத்தை எழுதிக் கொடுத்து, அதைப் போலவே இன்னும் இரண்டு வாக்கியம் எழுதச் சொல்கிறார்.

7 நோட்டு மட்டும் முழுசாக!

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பிரிவில் 7 நோட்டுகளை மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பார்க்கிறார். ஒரு நோட்டுக்கு 5 நிமிடம். கருத்து எப்படி, பத்தி பிரித்தது எப்படி, முடிவு எப்படி என்று இரண்டு மூன்று வரி எழுதுகிறார். ஆறு கட்டுரை முடியும்போது 42 பேருக்கும் ஒரு சுற்று வந்துவிடும்.

வரிசை எண்படி எடுத்தபோது ஒரு சிக்கல் வந்தது. தங்கள் முறை எப்போது வரும் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டு, மற்ற வாரங்களில் கிறுக்கித் தள்ளினார்கள். இப்போது எந்த 7 என்பது அவர் நோட்டைக் கையில் எடுக்கும்போதுதான் முடிவாகிறது. யாரும் விட்டுப்போகாமல் இருக்கப் பெயர்ப் பட்டியலில் டிக் போட்டுக்கொள்கிறார்.

இப்போது நேரத்தைக் கூட்டிப் பார்க்கலாம். மற்ற 105 நோட்டுகளுக்கு வாசிப்பும் ஒரு பத்திக் குறியும் சேர்த்து ஒன்றரை நிமிடம். முழுசாகப் பார்க்கும் 21 நோட்டுகளுக்குத் தலா 5 நிமிடம். மூன்று பிரிவுக்கும் குறிப்புத்தாள் தயாரிக்க அரை மணி நேரம். எல்லாம் சேர்ந்து 5 மணி நேரத்துக்குள் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்துவிட்டது.

வகுப்பில் 25 நிமிடம்

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் பீரியடில்தான் உண்மையான திருத்தம் நடக்கிறது. கரும்பலகையில் 1, 2, 3 என்று மூன்று பிழைகளையும் எழுதி 15 நிமிடம் விளக்குகிறார். 'ஐ', 'கு' என்ற உருபுகள் வெளிப்படையாக வந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் நடுவில் ஒற்று வரும். அதனால் 'அழகரைப் பார்த்தோம்', 'கடைக்குப் போனோம்' என்று எழுத வேண்டும். அடுத்த 10 நிமிடம் பிள்ளைகளுக்கு. தங்கள் எண்ணுக்கான பிழையைத் தங்கள் கட்டுரையில் தேடி, பென்சிலால் சரிசெய்ய வேண்டும்.

நன்றாக எழுதிய வாக்கியத்தைப் பெயர் சொல்லி வாசிக்கிறார். பிழையான வாக்கியத்தை யாருடையது என்று சொல்வதில்லை. எண் போடாமல் பொதுவாகப் பேசிய நாள்களில், 'இது நமக்கில்லை' என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்களாம். எண் வந்ததும் அந்தத் தப்பித்தல் போய்விட்டது.

இதிலும் ஒரு பக்கவிளைவு உண்டு. ஒற்றுப் பாடம் நடத்திய அடுத்த கட்டுரையில் 'நடந்துப் போனோம்', 'வந்துப் பார்த்தோம்' என்று தேவையில்லாத இடத்திலும் ஒற்று முளைத்தது. 'படித்துப் பார்த்தேன்' என்பதில் ஒற்று வரும். ஆனால் 'நடந்து', 'வந்து' என்று மெல்லினத்தை அடுத்து முடியும் சொற்களுக்குப் பின் வராது. பழைய பிழை போய்ப் புதிய பிழை வந்ததை முதல் வாசிப்பிலேயே பிடித்துவிட்டதால், அடுத்த குறிப்புத்தாளில் அதுதான் 1-ம் எண்.

தரம் குறையவில்லை என்று எப்படித் தெரியும்?

பள்ளியில் இந்தக் கேள்வி வந்தது. சக ஆசிரியர் ஒருவர், "திருத்தாம விட்டா நோட்டுப் பார்வைக்கு வர்றவங்க கேப்பாங்களே டீச்சர்?" என்று கேட்டார். தமிழம்மா குறிப்புத்தாள்களைத் தேதி போட்டு ஃபைலில் வைத்திருக்கிறார். எந்தத் தேதியில் எந்தப் பிழை எத்தனை பேருக்கு இருந்தது என்று அதில் இருக்கிறது.

கூடவே ஒரு சோதனையும் செய்கிறார். பருவத் தொடக்கத்தில் 10 நோட்டுகளை எடுத்து, ஒரு பக்கத்தில் எத்தனை ஒற்றுப்பிழை, எத்தனை ஒருமை பன்மைப் பிழை என்று எண்ணி வைக்கிறார். ஆறாவது கட்டுரையில் அதே பத்துப் பேரின் நோட்டை எண்ணுகிறார். எண்ணிக்கை குறையாவிட்டால் முறையை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். அவர் வகுப்பில் ஒருமை பன்மை சீக்கிரமே சரியானது. ஒற்றுப்பிழை மெதுவாகத்தான் குறைகிறது. கட்டுரையைச் சுருக்கிக்கொண்டே வந்த அந்தப் பெண், இப்போது மறுபடி ஒன்றரைப் பக்கம் எழுதுகிறாள்.

எல்லாவற்றுக்கும் இந்த முறை ஆகாது என்பதிலும் அவர் தெளிவாக இருக்கிறார். தேர்வுத் தாள் என்றால் ஒவ்வொரு விடையையும் முழுசாகத் திருத்தி மதிப்பெண் போட்டுத்தான் ஆகவேண்டும். பொதுத்தேர்வுக்குப் போகும் வகுப்பில் மாதிரித் தேர்வுக்கும் அப்படித்தான்.

பெற்றோருக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. "நோட்டுல சிவப்பே இல்லையே, டீச்சர் பாக்கவே இல்லையா?" என்று ஓர் அம்மா கேட்டார். தமிழம்மா நோட்டைத் திருப்பி, அடியில் இருந்த எண்ணைக் காட்டினார். "இனிமே மார்க் எத்தனைன்னு கேக்காதீங்க. உன் நம்பர் என்ன, அதை எங்க சரி பண்ணினேன்னு கேளுங்க. பிள்ளை பென்சில்ல திருத்தின இடத்தைக் காட்டினா நான் பாத்திருக்கேன்னு அர்த்தம். காட்டத் தெரியலைன்னா, மறுநாள் எங்கிட்ட அனுப்புங்க."