மதிப்பெண் குறைந்த காரணம் கேட்ட மாணவருக்கு

முதுகுன்றம் எனப் பழையோர் வழங்கிய விருத்தாசலத்தைப் பழமலைநாதர் கோயிலால் அறிந்தோர் பலர். அவ்வூரின் பீங்கான் தொழிலை அறிந்தோர் அத்துணைப் பலரல்லர். அங்குப் பீங்கான் தொழிற்கல்வி பயிலும் மாணவர் ஒருவர், யாம் திருத்திய குறுவினாத் தாளில் மூன்று வினாக்களுக்குரிய 9 மதிப்பெண்ணில் 2 மட்டுமே தமக்குக் கிடைத்தமைக்குக் காரணம் வினவிச் சற்றுச் சினத்துடன் கடிதம் வரைந்திருந்தார். சிறுவயது முதல் சூளையடியில் வேலை செய்து வளர்ந்தவர் அவர். "சூளையைக் காணாதவர்கள் முழு மதிப்பெண் பெறுகின்றனர், எனக்கு இல்லையா?" என்பது அவர் கேள்வி. அதற்கு யாம் விடுத்த மறுமொழியை, அவர் இசைவு பெற்று, பெயர் நீக்கி ஈண்டு வெளியிடுகின்றோம்.

அன்புள்ள மாணவருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. தாளை மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டே இதனை எழுதுகின்றோம்.

முதலில் ஊறுகாய்ச் சாடியின் மூடியைப் பற்றிய கணக்கு. களிமண் கலவையின் மொத்தச் சுருக்கம், ஈரமாயிருக்கும்போதுள்ள அளவில் 12 சதவீதம். சுட்டெடுத்தபின் மூடியின் விட்டம் 11 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும். அச்சின் விட்டம் எவ்வளவு என்பது வினா. நீர் 11-இன் மேல் 12 சதவீதத்தைக் கூட்டி 12.32 என்று எழுதினீர். அச்சு பெரிதாயிருத்தல் வேண்டும் என உணர்ந்தமைக்கு 1 மதிப்பெண் இட்டோம். எஞ்சிய இரண்டும் போயின. ஏன்? சுருக்கம் எதன்மேல் எண்ணப்பட்டது என்பதை வினாவே சொல்லியிருக்க, நீர் சுட்டபின் உள்ள அளவின்மேல் எண்ணிவிட்டீர். ஈரமான மூடி 100 பங்காயின், சுட்டது 88 பங்கு. ஆதலின் 11-ஐ 88 பங்காகக் கொண்டு 100 பங்கு காணல் வேண்டும். 11-ஐ 0.88-ஆல் வகுக்க 12.5 வரும். உமது 12.32 அளவில் அச்சுச் செய்தால், சுட்டபின் கிடைப்பது ஏறத்தாழ 10.84. ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலான குறை.

"இவ்வாறு கணக்கிட்டே எங்கள் பட்டறையில் அச்சுச் செய்கின்றோம், மூடிகள் சரியாகத்தான் பொருந்துகின்றன" என்று எழுதியிருக்கின்றீர். அதனை யாம் நம்புகின்றோம். சாடிக்கும் மூடிக்கும் ஒரே கலவை, ஒரே சூளை, ஒரே பிழை. இரண்டும் ஒரே விகிதத்திற் சிறுத்தமையால் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பிழை அழியவில்லை, மறைந்திருக்கின்றது. வேறொருவர் செய்த பழைய சாடிக்கு நீர் ஒரு மூடி செய்து பாரும்; அது ஆடும். மின்சாரப் பியூஸ் தாங்கி செய்வோரைக் கேட்டால் இன்னும் தெளிவாகும். பித்தளைத் துண்டு சூளைக்குட் செல்வதில்லை, சுருங்குவதுமில்லை. பீங்கானில் விட்ட துளை ஒன்றரை மில்லிமீட்டர் விலகினால் திருகு இறங்காது.

இரண்டாவது வினா உமக்கு மிகவும் மனவருத்தம் தந்ததாகத் தெரிகின்றது. 'கிளேஸ்' என்று தொழிலாளர் வழங்கும் கண்ணாடிப் பூச்சிலே வலைபோல் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுவதன் காரணமும் பரிகாரமும் கேட்டிருந்தோம். "சூளையைச் சீக்கிரம் திறந்தமையாற் குளிர்காற்றுப் பட்டு வெடித்தது, பெல்ஸ்பார் மிகுதியாகச் சேர்க்க வேண்டும்" என்பது உமது விடை. ஆறும்போது நேர்வது என்ற அளவிற்கு 1 மதிப்பெண்.

மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டா ஏற்றுவதை நீர் கண்டிருப்பீர். பழுக்கக் காய்ச்சிய பட்டாவை மரத்தின்மேல் இட்டு நீரூற்றினால், அது சுருங்கி மரத்தை இறுகப் பற்றுகின்றது. அப்போது மரம் நெருக்கப்படுகின்றது, பட்டாவோ இழுக்கப்படுகின்றது. இரும்பு அவ்விழுப்பைத் தாங்கும். பட்டா கண்ணாடியாயின்? நெருக்குதலைத் தாங்கும் கண்ணாடிக்கு இழுப்பைத் தாங்கும் வலியில்லை, பிளந்துவிடும். பாண்டத்தின் உடலைவிடப் பூச்சு மிகுதியாகச் சுருங்குமாயின் நிகழ்வது இதுவே. இந்தச் சுருக்கப் பொருத்தமின்மைதான் வினா எதிர்பார்த்த காரணம். பூச்சு உடலைவிடச் சிறிது குறைவாகச் சுருங்கினால் அது நெருக்கப்பட்டு நிற்கும், பாண்டமும் உறுதியாயிருக்கும். மிகவும் குறைவாகச் சுருங்கினாலோ, விளிம்புகளில் செதில் செதிலாகப் பெயரும். அது வேறு நோய். அதற்கு மருந்தும் நேர்மாறானது.

குளிர்காற்று வெடிப்பை விரைவில் வெளிப்படுத்தலாம், பொருத்தமின்மையை உண்டாக்குவதில்லை. இதற்குச் சாட்சி உமது கடிதத்திலேயே உள்ளது. "சரக்கை இறக்கி வைத்த மறுநாளும் கிண், கிண் என்று ஓசை கேட்டுக்கொண்டிருக்கும்" என்று எழுதினீர் அல்லவா? மறுநாள் சரக்கு முற்றும் ஆறிவிட்டது. காற்றுக்கு அங்கு வேலையில்லை. உள்ளே இழுபட்டு நிற்கும் பூச்சு ஒவ்வோரிடமாக விட்டுக்கொடுக்கும் ஓசையே அது. இவ்வொரு வரியைத் தாளில் எழுதியிருந்தால் காரணத்திற்குரிய மதிப்பெண்ணை மகிழ்ந்து இட்டிருப்போம். தாளில் இல்லாததைக் கடிதத்திலிருந்து எடுத்துக் கூட்டுதல் மற்ற மாணவர்களுக்கு நீதியாகாது. ஆதலால் அதனைச் செய்யவில்லை.

பரிகாரம் பற்றியும் ஒரு சொல். பெல்ஸ்பாரில் உள்ள சோடாவும் பொட்டாஷும் கண்ணாடியின் சுருக்கத்தை மிகுவிப்பன. நோய்க்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுத்தீர். நன்கு அரைத்த குவார்ட்சு மாவைப் பூச்சிற் சிறிது சிறிதாகக் கூட்டிச் சோதித்தல் முறை. ஆயினும் எல்லா வெடிப்பும் இதனால் தீராது. போதிய சூடு பெறாமல் நுண்துளைகளோடு நிற்கும் உடல், காற்றின் ஈரத்தை மாதக்கணக்கில் உறிஞ்சி மெல்லப் பருக்கும். அப்பொழுது சூளையிலிருந்து குறையின்றி வந்த பொம்மையும் அடுத்த கொலுவிற்குள் வெடித்துவிடும். அங்கே பூச்சை மாற்றுவதைவிட உடலை நன்றாகச் சுடுதலே தக்கது.

மூன்றாவது வினாவைச் சுருக்கமாகவே சொல்லி விடுகின்றோம். விரிசல் கண்ட இரண்டு பாத்திரங்களை விவரித்திருந்தோம். ஒன்றில் விரிசலின் ஓரம் மழுங்கி, பூச்சு அதனுள் வழிந்திருந்தது. மற்றொன்றில் ஓரம் கத்திபோற் கூர்மையாயிருந்தது. எவ்விரிசல் எப்போது நேர்ந்தது என்பது கேள்வி. நீர் இரண்டிற்கும் "சூடு மிகுந்தமையால்" என்று ஒரே விடை எழுதியதால் ஒன்றும் இட இயலவில்லை. மழுங்கிய விரிசல், பூச்சு உருகுமுன்பே இருந்தது. பெரும்பாலும் உலர்த்தும்போதோ சூடேறும் தொடக்கத்திலோ நேர்ந்தது. கூரிய விரிசல், பூச்சு இறுகியபின் ஆறும்போது நேர்ந்தது. 573 பாகை சென்டிகிரேடில் குவார்ட்சு திடீரெனச் சுருங்குவதால், அவ்வெல்லையை விரைந்து கடக்கும் பெரிய பாத்திரங்களுக்கு அபாயம் மிகுதி. உமது பட்டறையின் உடைந்த சரக்குக் குவியலில் இவ்விரண்டும் கிடக்கும்.

மறுதேர்வு நெருங்குகின்றது. அதற்குள் இரண்டு காரியம் செய்யும். சுட்டபின் விட்டம் 16.5 சென்டிமீட்டர் வேண்டும் தட்டிற்கு, அதே 12 சதவீதச் சுருக்கத்தில், அச்சின் அளவைக் கணக்கிட்டு எழுதியனுப்பும். அன்றியும், குறையில்லையென்று நீர் எண்ணும் ஒரு பாத்திரத்தைக் கொதிநீரிலும் குளிர்நீரிலும் மாறி மாறி இட்டெடுத்து, மேலே மை தடவித் துடைத்துப் பாரும். கோடுகள் தெரிந்தால் அப்பாத்திரத்தையே எம்மிடம் கொண்டுவாரும்.