ஒரு சொல், இரண்டு சட்டங்கள்: மாமாவும் சித்தப்பாவும்

 

நம் மதரஸாவில் ஆங்கிலம் கற்பிக்கும் சகோதரர் ஒருவர் இங்கிலாந்து நாட்டவர். வெளிநாடுகளில் வளரும் நம் பிள்ளைகளுக்காக, மஹ்ரம் பற்றிய நமது தமிழ்ப் பாடத்தை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று நாம் எழுதியிருந்த இடங்களிலெல்லாம் அவர் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லை இட்டிருந்தார். "உஸ்தாத், எங்கள் மொழியில் இவ்வளவுதான் இருக்கிறது. உங்களுக்கு ஏன் இத்தனை சொற்கள்?" என்று கேட்டார். அதற்கு விடை சொல்லப்போய், நம் சொற்களின் நிறைவோடு அவற்றின் குறையையும் எடுத்துச் சொல்ல நேர்ந்தது.

தமிழ் முதலில் பார்ப்பது, பெற்றோரும் அவர்தம் உடன்பிறந்தாரும் ஒரே பாலினரா, மாறுபட்ட பாலினரா என்பதை. தந்தையின் சகோதரர் தந்தையைப் போன்றவர். ஆகவே தந்தைக்கு மூத்தவர் பெரியப்பா, இளையவர் சித்தப்பா. தாயின் சகோதரி தாயைப் போன்றவர். ஆகவே அவர் பெரியம்மா அல்லது சித்தி. இவர்களுடைய பிள்ளைகள் நமக்கு அண்ணன், அக்காள், தம்பி, தங்கை. தாயின் சகோதரரோ மாமா. தந்தையின் சகோதரி அத்தை. இவர்களுடைய பிள்ளைகள் மச்சான், மச்சி முறையினர். மணம் பேசத் தக்க முறையினர்.

இதைக் கேட்ட நண்பர், "அப்படியானால் அத்தையின் கணவரை எப்படி அழைப்பீர்கள்?" என்றார். மாமா என்றுதான். மாமாவின் மனைவியோ அத்தை, அல்லது மாமி. மணம் முடித்தபின் மாமனாரும் மாமா, மாமியாரும் அத்தை. மச்சான் முறையிலேயே திருமணங்கள் நடந்துவந்த சமூகத்தில், அத்தையின் கணவரும் தாயின் சகோதரரும் ஒருவராகவே இருக்கக்கூடும். அத்தையே மாமியாராகவும் வரக்கூடும். அந்த வழக்கத்தின் மீது எழுந்த சொற்கள் இவை. அதேபோல் சித்தியின் கணவரும் சித்தப்பா ஆகிவிடுகிறார்.

குறை இருப்பது இங்கேதான். வயதையும் வழியையும் இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கும் தமிழ், இரத்தத்தால் வந்தவரையும் நிக்காஹ்வால் வந்தவரையும் ஒரே பெயரால் அழைத்துவிடுகிறது. ஷரீஅத் முதலில் கேட்பதோ அந்த வேறுபாட்டைத்தான். அரபியில் தந்தையின் சகோதரர் அம்மு, தாயின் சகோதரர் கால். தந்தையின் சகோதரி அம்மத், தாயின் சகோதரி காலத். அவர்களுடைய கணவரையோ மனைவியையோ குறிக்க, 'காலத்தின் கணவர்' என்பது போல் விரித்தே சொல்வர். நிஸா அத்தியாயத்தின் 23ஆம் வசனம், மணக்கக் கூடாத பெண்களுள் தந்தையின் சகோதரியரையும் தாயின் சகோதரியரையும் சேர்த்துக் கூறுகிறது. உடன்பிறந்தாரின் மகள்களும் அதே பட்டியலில் உள்ளனர். ஆகவே ஒரு பெண்ணுக்குத் தந்தையின் சகோதரரும் தாயின் சகோதரரும் மஹ்ரம். சித்தியின் கணவரும் அத்தையின் கணவரும் அந்தப் பட்டியலில் இல்லை.

இது ஏட்டுச் சிக்கல் அன்று. அண்மையில் ஒரு தாய், தம் மகளை உம்ராவுக்குச் சித்தப்பாவுடன் அனுப்பலாமா என்று நம்மிடம் வினவினார். மகளுக்குப் பத்தொன்பது வயது. தந்தை வளைகுடாவில் பணிபுரிபவர்; விடுப்புக் கிடைக்கவில்லை. அவர்களுடன் செல்லவிருந்த சித்திக்கு உடல்நலம் குன்றியதால் அவருடைய பயணம் நின்றுவிட்டது. "சித்தப்பா மஹ்ரம் தானே?" என்றார் அந்தத் தாய். "அவர் உங்கள் கணவரின் தம்பியா, உங்கள் தங்கையின் கணவரா?" என்று கேட்டோம். தங்கையின் கணவர் என்றார்.

அவர் மஹ்ரம் அல்லர் என்று சொன்னபோது அந்தத் தாய் திகைத்துப்போனார். "இவளைத் தூக்கி வளர்த்தவர். இவளை அவர் மணக்கவும் முடியாதே, பிறகு எப்படி மஹ்ரம் ஆகாமல் போவார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி; பலரும் தடுமாறும் இடமும் இதுவே. ஒரு பெண்ணையும் அவளுடைய அத்தையையோ சித்தியையோ ஒருவர் ஒரே காலத்தில் மனைவியராக வைத்திருக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஆனால் இத்தடை, அந்தச் சித்தி அவருடைய மனைவியாக இருக்கும் வரைதான். அவர் இறந்தாலோ, மணவிலக்குப் பெற்று இத்தா முடிந்தாலோ தடை நீங்கிவிடும். மஹ்ரம் ஆவதற்கோ என்றென்றும் நீங்காத தடை வேண்டும். ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகள் இரண்டும் இதில் ஒன்றுபட்டே நிற்கின்றன. மாமனாரின் நிலை வேறு: அவரும் நிக்காஹ்வால் வந்தவரே என்றாலும், மகனின் மனைவி அவருக்கு என்றென்றைக்கும் விலக்கப்பட்டவர், ஆகவே அவர் மஹ்ரம்.

இறுதியில் அப்பெண்ணின் தாய்மாமா உடன் சென்றார். அந்தச் சித்தப்பாவிடம் செய்தியைச் சொல்லும் பொறுப்பைத் தாய் நம்மிடமே விட்டார். உங்கள் ஒழுக்கத்தில் யாருக்கும் ஐயமில்லை, உறவு வந்த வழியைப் பற்றிய சட்டம் இது என்று விளக்கினோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "என் தம்பி மகளுக்கு நான் மஹ்ரம், என் மனைவியின் அக்காள் மகளுக்கு இல்லை, அப்படித்தானே?" என்றார். அப்படியேதான்.

நம் சொற்கள் மற்றோர் இடத்திலும் நம்மைத் திசைமாற்றும். பெரியப்பா மகனை அண்ணன் என்று அழைப்பதால், அவர் முன் திரை வேண்டியதில்லை என்று பெண்பிள்ளைகள் நினைத்துவிடுகின்றனர். அஹ்ஸாப் அத்தியாயத்தின் 50ஆம் வசனம் பெற்றோரின் உடன்பிறந்தாருடைய மகள்களை, நால்வழியினரையும், மணக்க ஆகுமானவர்கள் என்கிறது. ஆகவே பெரியப்பா மகனும் மாமா மகனும் சட்டத்தில் சமமே. ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்கு அத்தை மகள். அந்த நிக்காஹ் நம் காதுக்கு இயல்பாக ஒலிக்கிறது. அலீ (ரலி) அவர்களோ நபியவர்களின் தந்தையுடைய சகோதரரின் மகன். தமிழ் முறைப்படி நபியவர்களுக்குத் தம்பி. ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குச் சித்தப்பா முறை. அந்த நிக்காஹ்வை நபியவர்களே நடத்திவைத்தார்கள். மறுபுறம், தாய்மாமன் தன் அக்காள் மகளை மணப்பது தமிழ்ச் சமூகங்கள் பலவற்றில் வழக்கம். மார்க்கத்தில் அது முற்றிலும் ஹராம்.

சாச்சா, மாமி என்று ஊருக்கு ஊர் நாம் அழைக்கும் பெயர்கள் எதையும் மாற்றவேண்டியதில்லை. அவை அன்பையும் மரியாதையையும் சுமப்பவை. சட்டம் அறிய வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வோம்: இவர் என் தாய் அல்லது தந்தையின் உடன்பிறந்தவரா, அல்லது அவர்களுடைய உடன்பிறந்தவரை மணந்து வந்தவரா? தாய் வேறாகவோ தந்தை வேறாகவோ இருந்தாலும் உடன்பிறப்பு உடன்பிறப்பே. பால்குடி உறவு இருப்பின் அதையும் ஆலிமிடம் சொல்லித் தெளிவு பெறவேண்டும்.

நம் நண்பர் இப்போது மொழிபெயர்ப்பில் 'அங்கிள்' என்று தனித்து எழுதுவதில்லை. தந்தையின் சகோதரர், தாயின் சகோதரர், அத்தையின் கணவர், சித்தியின் கணவர் என்று விரித்தே எழுதுகிறார். அதைப் பார்த்து, நமது தமிழ்ப் பாடத்திலும் 'சித்தப்பா' என்ற சொல்லை அவ்வாறே இரண்டு வரிகளாகப் பிரித்துவிட்டோம்.

உறவுகளைப் பேணவும், அல்லாஹ் வகுத்த வரம்புகளைக் காக்கவும் அவன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.