முதல் தடவையா தனியா சமைச்சேன், அதுவும் ருசி பார்க்காம

படத்துல இருக்கிற சாதம், சாம்பார், ரசம், கோபிஸ் பிரட்டல் எல்லாமே அடியேன் கைப்பக்குவம். புரட்டாசி சனிக்கிழமை படையல், அப்புறம் அம்மா அப்பாவுக்குப் பகல் சாப்பாடு. "தம்பி, இந்த வாரம் நான் அடுப்புப் பக்கமே வர மாட்டேன், நீயே பாத்துக்க"ன்னு அம்மா சொல்லிட்டு ஹால்ல போய் உக்காந்துட்டாங்க.

கோயில் அன்னதானச் சமையல்ல நிக்கிற பையனுக்கு இது என்ன பெரிசுன்னு கேப்பீங்க. அங்க நான் காய் வெட்டுவேன், அண்டா தூக்குவேன். உப்பு போடுற கை சமையல் அண்ணனோடது. இன்னொரு சங்கடமும் இருக்கு. சாமிக்குப் படைக்கிறதை முன்கூட்டி ருசி பார்க்கக்கூடாது. அம்மா இத்தனை வருசமா கை அளவுல போட்டுப் பழகிட்டாங்க. எனக்கு அந்தக் கை இல்லையே. அப்போ உப்பு சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்? ராத்திரி தூக்கமே வரல.

முதல்ல, 300 பேருக்குப் போடுற அளவை நூறால வகுத்தா மூணு பேருக்குச் சரியா வரும்னுதான் நினைச்சேன். அண்ணன் சிரிச்சார். "அண்டாவுல இருக்கிற தண்ணி அவ்வளவு சீக்கிரம் வத்தாது தம்பி. உங்க வீட்டுச் சட்டியில இருபது நிமிசம் கொதிச்சாலே ஒரு கிளாஸ் போயிடும். தண்ணி குறைஞ்சா உப்பு ஏறிக்கிட்டே போகும். அதனால போட்ட தண்ணிக்கு உப்பு போடாத, கடைசியில நிக்கிற சாம்பாருக்குப் போடு."

இதைத்தான் பிடிச்சுக்கிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரியே சாம்பார் சட்டியில சரியா ஒரு லிட்டர் தண்ணி ஊத்தி, மரக்கரண்டியை நேரா நிறுத்தி, தண்ணி நின்ன இடத்துல பென்சிலால ஒரு கோடு போட்டேன்.

காலையில பாசார்ல முருங்கைக்காய், கத்திரிக்காய், கேரட், கோபிஸ், வாழை இலை வாங்கினேன். அரை கப் துவரம்பருப்பை மஞ்சள் தூள் போட்டுக் குழைய வேக வச்சேன். காயை அரைத் தேக்கரண்டி உப்போட வேக விட்டு, சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைச்சு ஊத்தி, சாம்பார்த்தூளும் சேர்த்தேன். எங்க வீட்டுப் படையல்ல வெங்காயம் பூண்டு கிடையாது, பெருங்காயம் மட்டும்தான். பச்சைப் புளி வாடை போன பிறகு பருப்பைச் சேர்த்தேன். முகர்ந்தும் பார்க்கக்கூடாதுன்னு பெரியவங்க சொல்வாங்க. ஆனா சின்ன வீட்டுல ஆவி தானா வந்து மூக்குல படுறதை யார் தடுக்க முடியும்?

பருப்பு சேர்ந்து கொதிச்சதும் கரண்டியை நிறுத்திப் பார்த்தேன். கோட்டுக்குக் கொஞ்சம் மேல நின்னுச்சு. அஞ்சு நிமிசம் கொதிக்க விட்டதும் கோட்டுக்கு இறங்கிடுச்சு. கோட்டுக்குக் கீழ போயிருந்தா கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தினா போதும். அப்புறம்தான் மீதி உப்பு, இன்னொரு முக்கால் தேக்கரண்டி. ஆக மொத்தம் ஒரு லிட்டருக்கு ஒண்ணேகால். ஒண்ணரை வரைக்கும் தாங்கும்னு அண்ணன் சொன்னார், நான் வேணும்னே கால் கரண்டி குறைச்சேன். ஏறின உப்பை எடுக்க முடியாது, குறைஞ்சதுக்கு இலை ஓரத்துல உப்பு இருக்கு. இதெல்லாம் தூள் உப்புக் கணக்கு, தலை தட்டின கரண்டி. கல் உப்புன்னா கல்லுக்கு நடுவுல இடைவெளி விழும், அதே கரண்டியில எடை குறைவாத்தான் நிக்கும்.

கோபிஸுக்கும் இதே புத்திதான். பச்சையா சட்டி நிறைய இருக்கும்போது உப்பு போட்டா கை தாராளமாப் போயிடும். வதங்கிப் பாதியா அடங்கின பிறகு அரைத் தேக்கரண்டி போட்டேன். ரசத்துக்கு நாக்கே வேணாம், கண்ணு போதும். நுரை கட்டி மேல எழும்புற நேரம் அடுப்பை அணைச்சிடணும்.

சூடம் காட்டி முடிச்சு இலை போட்டு, ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பரிமாறினேன். என் கை நடுங்கினதை அப்பா பார்த்துட்டார், ஒண்ணும் சொல்லல. அம்மா முதல் வாய் எடுத்தாங்க. நின்னாங்க. இலை மூலையில இருந்த உப்பை ஒரு சிட்டிகை எடுத்து சாம்பார்ல கலந்துக்கிட்டாங்க. அப்பா கலக்கவே இல்ல, அவருக்கு அதுவே சரியா இருந்துச்சாம். ரசத்தை ரெண்டாவது தடவை கேட்டு, உள்ளங்கையில வாங்கிக் குடிச்சார். எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

சாப்பிட்டு முடிச்சு அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை கரண்டி போட்ட?" சொன்னேன். ஒருநாளும் அளந்து சமைக்காதவங்க, அந்தக் கோட்டை விரலால தடவிப் பார்த்தாங்க. "அடுத்த சனிக்கிழமையும் நீயே போடு"ன்னாங்க.

முதன்முதலா படையல் சமைக்கப்போற தம்பி தங்கச்சிங்க இருந்தா, உங்க வீட்டுச் சட்டியில ஒரு லிட்டர் எங்க நிக்குதுன்னு முதல் நாளே பார்த்து வச்சுக்கோங்க. மத்தது தானா வரும். சந்தேகம்னா கேளுங்க, எனக்குத் தெரியலன்னா அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்.