ஏகாதசி இரவின் பாடல் வரிசை

மகாராஷ்டிரத்து வார்கரி மரபில் ஏகாதசி இரவு விழித்திருப்பதற்கு உரியது. ஊர் விட்டல் கோயிலில் முதன்மைப் பாடகரும், பக்கவாஜ் வாசிப்பவரும், கைத்தாளம் ஏந்திய இருபது முப்பது பேரும் விடியும்வரை அபங்கங்களைப் பாடுகின்றனர். அந்த வரிசையைப் பக்திப் பொருளின் அடைவாக மட்டும் படிப்பது போதாது. ஒரு கூட்டத்தின் குரலையும் மூச்சையும் எட்டு மணி நேரத்துக்குப் பங்கிடும் கணக்கும் அதில் இருக்கிறது.

இரவு 9 மணியளவில் நாமத்தோடு தொடங்கி, விட்டலின் திருவுருவை வருணிக்கும் அபங்கத்துக்குச் செல்வர். துக்காராம் பாடியவை அனைவருக்கும் மனப்பாடம் என்பதால், வயலிலிருந்து களைத்து வந்தவரும் தயக்கமின்றிப் பல்லவியில் சேர்ந்துகொள்வார். சுருதி தாழ்வாகவும் நடை மெதுவாகவும் இருக்கும்.

ஒவ்வொரு அபங்கமும் தனக்குள் ஓர் அலை. சரணம் முடியுந்தோறும் பல்லவி திரும்பத் திரும்ப வர, பக்கவாஜ் நடையை இறுக்கும். உச்சத்தில் அனைத்தும் ஒருசேர நிற்கும். அடுத்த பாடல் மீண்டும் மெதுவாகவே தொடங்க வேண்டும், ஆனால் முந்தையது தொடங்கிய நிலையைவிடச் சற்றே விரைவாக. இளம் பாடகர்கள் பிழைசெய்வது இங்கேதான்: முந்தைய பாடலின் உச்சத்திலேயே அடுத்ததைப் பிடித்துவிடுகின்றனர். நள்ளிரவுக்குள் ஏற இடமில்லாமற் போகிறது. கைத்தாளங்கள் பக்கவாஜை முந்துவதும், பல்லவியின் கடைசி அசைகள் விழுங்கப்படுவதும் அதன் அறிகுறிகள். தேர்ந்தவர் அப்போது தாளத்தை நிறுத்தி, ஒரு சரணத்தைத் தனியே நிதானமாக விரித்துப் பாடுவார். கூட்டம் மூச்சை மீட்டுக்கொள்ளும்.

இரண்டு மணிக்குமேல் வரும் உறக்கத்தை வேகத்தால் வெல்ல முடியாது, சிரிப்பால் வெல்லலாம். ஏகநாதரின் பாரூடுகள் அதற்கெனவே அமைந்தவை போலப் பயன்படுகின்றன. சோதிடராகவும் தேள் கொட்டியவராகவும் வேடம் புனைந்து அவை பேசுகின்றன. நடிக்கத் தெரிந்தவர் இல்லாத ஊரில் பாரூடு வெறும் சொல்லாகிவிடும். அங்கே கண்ணனும் கோபியரும் வரும் கவ்ளண் பாடல்களே மேல். விழித்த கூட்டம் எழுந்து நின்று, அடிவைத்து ஆடி, நாமத்தை முழங்கும். இரவின் உச்சம் அதுவே.

அங்கிருந்து ஒரேயடியாக மௌனத்துக்கு இறங்கினால் உடல் படபடப்பிலேயே நின்றுவிடும். ஆகவே இறைவனைத் துயிலெழுப்பும் காகடப் பாடல்கள் இடையில் வருகின்றன. உறங்காதவர்கள் உறங்கியவனை எழுப்பும் விந்தை அது. ஆடியவர்கள் அமர்வர், நடை தளரும். பின்னர் பைரவி ராகத்தில் ஓர் அபங்கம். இறுதியில் 1290இல் நிறைவெய்திய ஞானேஸ்வரியின் முடிவிலுள்ள பசாயதானம். அதன் ஒன்பது ஓவிகளையும் பெரும்பாலும் தாளமின்றி ஒரே குரலில் சொல்வர்.

கைத்தாளங்கள் தரையில் வைக்கப்படுகின்றன. தொடக்கம் முதல் வீணை ஏந்தி நின்றவர் மட்டும் தந்தியை மீட்டிக்கொண்டிருக்கிறார். இரவெல்லாம் முழக்கத்தில் மூழ்கியிருந்த அந்தச் சுருதி அப்போதுதான் காதில் விழுகிறது.