தாத்தா நள்ளிரவில் பேசிய வசனம்... அது எந்தப் பாட்டு?

போன மார்கழியில் ஒருநாள் காலை, அம்பாசமுத்திரத்திலிருந்து சித்தி போன் செய்தார். "தம்பி, தாத்தா ராத்திரி பூரா தூங்கல. ஆச்சியக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. உங்க சித்தப்பா அழுதுட்டாங்க."

தாத்தாவுக்கு வயது 84. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடங்களாக ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது. ஆச்சி பாக்கியம் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ராத்திரி தாத்தா ஆச்சியைத் தேடும்போதெல்லாம் சித்தப்பா, "அம்மா போயாச்சுப்பா" என்று சொல்வார். தாத்தா அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல அழுவார். மறுநாள் ராத்திரி மீண்டும் இதே கதை.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நானே கேட்டேன். இரண்டு மணி இருக்கும். தாத்தா எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பாட்டை ஏன் பாதியில் விட்டுவிட்டாய் என்று கேட்டார். ஆசையாக வந்தவனை ஏமாற்றலாமா என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் தேன், நிலா, தென்றல் என்று ஏதேதோ வந்தன. சன்னதி என்ற வார்த்தையும் வந்தது. கடைசியில் பாக்கியத்தைப் பாடச் சொல்லிக் கெஞ்சினார்.

எனக்கு ஒரு விஷயம் இடித்தது. தாத்தா பேசியது அம்பாசமுத்திரத்துத் தமிழ் இல்லை. ஆச்சியிடம் அவர் பேசிய பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஏட்டி, காப்பியக் கொண்டா" என்பதுதான் அது. இதுவோ முழுக்க எழுத்துத் தமிழ். ஆச்சி பாடி யாரும் கேட்டதும் இல்லை. இது சினிமா வசனம்தான், அதுவும் ஏதோ ஒரு பாட்டுக்கு முன்னால் வருவது என்று தோன்றியது. சித்தப்பாவிடம் சொன்னேன். "எனக்கு இளையராஜா வந்த பிறகுதான் பாட்டே தெரியும்ல" என்று கையை விரித்தார்.

சரி, கண்டுபிடித்துவிடலாம் என்று இறங்கினேன். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவனுக்கு இது பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். மூன்று நாள் ஆனது.

முதலில் தாத்தாவின் குரலைப் பதிவு செய்து, பாட்டைக் கண்டுபிடிக்கும் ஆப்பிடம் போட்டுக் காட்டினேன். அது ஒன்றுமே சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் சொல்லவும் முடியாது. டீக்கடை ரேடியோவில் ஓடும் பாட்டை அந்த ஆப் கண்டுபிடிப்பது, அதே ஒலிப்பதிவு அதனிடம் இருப்பதால்தான். கைரேகையை ஒப்பிடுவதுபோல ஒலியை ஒலியோடு ஒப்பிடுகிறது. தாத்தாவின் குரல் வேறு கை. அதன் ரேகை அங்கே இருக்காது.

ராகத்தை முணுமுணுத்தால் பாட்டைச் சொல்லும் வசதியும் போனில் இருக்கிறது. ஆனால், அது பிடித்துக்கொள்வது மெட்டின் ஏற்ற இறக்கத்தை. பேச்சில் மெட்டு ஏது?

அடுத்து, காதில் விழுந்த வார்த்தைகளை அப்படியே டைப் செய்து தேடினேன். 'பாக்கியம்', 'பாடு', 'சினிமா வசனம்'. 1961-ல் வெளிவந்த 'பாக்கியலட்சுமி' படத்தின் பாட்டுகள் வரிசையாக வந்தன. பழைய படம், ஜெமினி கணேசன் நடித்தது, பெயரும் பொருந்துகிறது. கிடைத்துவிட்டது என்று அந்தப் படத்தின் பாட்டுகளைத் தாத்தாவிடம் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் சிரித்தபடி தலையாட்டினார். அன்று ராத்திரியும் எழுந்து உட்கார்ந்து அதே வசனத்தைச் சொன்னார்.

பாட்டு வரிகள் இருக்கும் இணையதளங்களிலும் தேடினேன். அங்கே இன்னொரு சிக்கல். பெரும்பாலான பக்கங்கள் பல்லவியில்தான் ஆரம்பிக்கின்றன. அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களும் அப்படித்தான். வரியை எழுதியவர் கவிஞர், வசனத்தை எழுதியவர் வசனகர்த்தா. பாட்டு வரிகளைத் தொகுப்பவர்களின் கணக்கில் வசனம் வராது. அதனால், நமக்கு நினைவிருக்கிற பகுதிதான் பெரும்பாலும் எழுத்தில் இல்லாத பகுதியாக இருக்கிறது.

சில பாட்டுகளில் இந்தத் தொல்லை கிடையாது. 'குணா'வில் கமல் கடிதம் சொல்லச் சொல்லப் போகும் பாட்டையோ, 'உயர்ந்த மனிதன்' படத்தில் சிவாஜியும் மேஜர் சுந்தர்ராஜனும் பழைய நாள்களைப் பேசிக்கொண்டே போகும் பாட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பேச்சும் பாட்டும் பின்னிக் கிடக்கின்றன. பேச்சை வெட்டினால் பாட்டே இருக்காது. பாட்டுக்கு முன்னால் தனியாக நிற்கும் வசனத்தின் கதை வேறு. அதை யார் வேண்டுமானாலும் கத்தரித்துவிடலாம்.

இரண்டாவது நாள், தேடுவதை நிறுத்திவிட்டுத் தாத்தாவின் பேச்சை மறுபடி மறுபடி கேட்டேன். வார்த்தைகளை விட்டுவிட்டு, சூழ்நிலையை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். யார் பேசுகிறார்? ஓர் ஆண். யாரிடம்? பாடத் தெரிந்த ஒரு பெண்ணிடம். என்ன நடந்தது? அவள் பாடிக்கொண்டிருந்தாள், இவன் வந்ததும் நிறுத்திவிட்டாள். இடம்? ஒரு சன்னதி.

நடுவில் தாத்தா சும்மா இருந்தாரே, அது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. அது அந்தப் பெண் பதில் சொல்லும் நேரம். அதற்குப் பிறகு வரும் தேன், நிலா, தென்றல் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்வதைப் பற்றிய பேச்சு. அப்படியென்றால் அவனும் ஒரு கலைஞன். உன் இசைக்கு முன்னால் நான் எம்மாத்திரம் என்று அவள் தயங்கியிருக்க வேண்டும். இரண்டும் சேரட்டும் என்று அவன் சமாதானம் சொல்கிறான்.

அவனுடைய இசை எது? வசனம் முடிந்ததும் தாத்தா என்ன செய்கிறார் என்று அன்று ராத்திரி விழித்திருந்து கவனித்தேன். பேச்சு நின்றதும் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கொண்டுவந்தார். விரல்கள் மாறி மாறி எழுந்து இறங்கின. "தாத்தாவுக்குக் கை நடுங்குது" என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அது நடுக்கம் இல்லை, நாதஸ்வரம்!

அதற்குப் பிறகு வழி சுருங்கிவிட்டது. நாதஸ்வரம் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. ஆனால், அதில் நாயகனுக்கும் நாயகிக்கும் போட்டி நாதஸ்வரத்துக்கும் நாட்டியத்துக்கும் இடையில். பாடச் சொல்லிக் கெஞ்சும் கதை அதில் பொருந்தவில்லை. நாதஸ்வரமும் பெண் குரலும் சேர்ந்து போகும் பழைய பாட்டு எது என்று தேடினேன். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா' முதலில் வந்தது. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் எஸ். ஜானகி ஆபேரி ராகத்தில் பாடியது. திரையில் வாசிப்பவர் ஜெமினி கணேசன், பாடுபவர் சாவித்திரி. உண்மையில் வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். அவர் பெயரில் இருக்கும் காருகுறிச்சி எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. படம் வந்தபோது தாத்தாவுக்கு 21 வயது.

ஓடிப்போய் தாத்தா காதருகே போட்டேன். ஜானகியின் குரல் வந்தது. தாத்தா கேட்டார், பிறகு, "இது இல்லலே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, நான் போட்டது பாட்டு ஆரம்பிக்கும் இடத்திலிருந்து வெட்டி ஏற்றிய வடிவம். அதில் வசனமே இல்லை. அதே பாட்டுக்கு இருந்த மற்ற பதிவுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் நீளமும் வேறு. மேடையில் யாரோ பாடியது, ஒரு சரணத்தோடு முடிவது என்று பல. அவற்றில் பழைய ஒலிப்பதிவாகவும் நீளம் அதிகமாகவும் இருந்ததைத் தேர்ந்தெடுத்து, முதல் நிமிடத்தைக் காதில் வைத்துக் கேட்டேன். இருந்தது. தாத்தா சொன்ன வரிசையிலேயே எல்லாம் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம்தான். படத்தில் அந்தப் பெண்ணின் பெயர் சாந்தா. பாக்கியம் என்ற பெயரே கிடையாது.

வசனத்தை வைத்துப் பாட்டைத் தேடும்போது நம்மை ஏமாற்றுவது இதுதான் என்று நினைக்கிறேன். பேச்சை நாம் வார்த்தை வார்த்தையாக நினைவில் வைப்பதில்லை. மெட்டு இருந்தால் வார்த்தை இடம் மாறாமல் உட்கார்ந்திருக்கும். பேச்சுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. சொல்லிச் சொல்லி நம் வீட்டுப் பேச்சாகிவிடுகிறது. பெயர்தான் முதலில் மாறுகிறது. யார், யாரிடம், ஏன் சொன்னார், அடுத்து என்ன சத்தம் வந்தது என்பவை மட்டும் மாறாமல் இருக்கின்றன. நான் பெயரைப் பிடித்துக்கொண்டு முதல் நாளை வீணாக்கினேன். நடுங்கும் விரல்களைப் பார்த்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

மூன்றாவது நாள் ராத்திரி தாத்தா எழுந்து உட்கார்ந்ததும், அந்த நீளமான பதிவைப் போட்டேன். சித்தப்பாவும் சித்தியும் வாசலில் நின்றார்கள். ஜெமினி பேச ஆரம்பித்தார். தாத்தா திரும்பிப் போனைப் பார்த்தார். பிறகு அவரும் கூடவே பேசினார், ஒரு நொடி பிந்தி. சாந்தா என்று ஜெமினி சொன்ன இடத்தில் எல்லாம் தாத்தா பாக்கியம் என்றார். நாதஸ்வரம் வந்ததும் கைகள் மேலே வந்தன. பாட்டு முடியும் முன்பே படுத்துத் தூங்கிவிட்டார்.

இதனால் தாத்தாவின் ஞாபகம் திரும்பிவிடவில்லை. சில ராத்திரிகளில் இன்னும் எழுந்து உட்காருகிறார். ஆனால், "அம்மா போயாச்சுப்பா" என்று சித்தப்பா இப்போது சொல்வதில்லை. எழுந்துபோய்ப் பாட்டைப் போடுகிறார், வசனம் இருக்கும் பதிவை.

போன வாரம் சித்தியிடம் கேட்டேன், "ஆச்சி பாடி நீங்க கேட்டிருக்கீங்களா?"

"ஒரு நாளும் இல்ல தம்பி" என்றார் சித்தி. "ஆனா, ஆச்சி கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தா தாத்தா இப்படி ஏதோ சொல்வாங்க. ஆச்சிக்குச் சிரிப்பு வந்துரும்."